வியாழக்கிழமை இரவு உணவுடன்

அந்த அறிவிப்பை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யார் யாரையோ குறை சொல்லப் போகிறேன், தலைமை ஆசிரியர், காவல்காரர், அரிசிக் கடைக்காரர், ஊர்க்கவுண்டர் என்று. அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து என்னை மறு தட்டில் வைத்தாலும் என் தட்டுதான் இறங்கும்.

கொல்லிமலையில் செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஆசிரியையாகப் போனபோது எனக்கு இருபத்துநான்கு வயது. மலைக்கு லாரி ஏறும் பாதை அப்போது வரவில்லை. ராசிபுரத்துப் பக்கம் பிறந்த எனக்கு, அடிவாரத்திலிருந்து ஏறிப் போய்ச் சேருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பள்ளியோடு சேர்ந்து ஒரு விடுதி. பையன்களுக்குப் பெரிய கட்டடம். பெண் பிள்ளைகளுக்கு ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம், ஒரு சமையலறை, பின்னால் விறகுக் கொட்டகை, நாலு பாத்தி மரவள்ளித் தோட்டம். பையன்கள் விடுதிக்கு ஆண் காப்பாளர் ஒருவர் இருந்தார். பெண்கள் விடுதிக்கு ஆள் இல்லை. "நீங்கதான் இங்கேயே தங்கப் போறீங்களே, காப்பாளர் வேலையையும் சேத்துப் பாத்துக்குங்க" என்று தலைமை ஆசிரியர் என் தலையில் கட்டினார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் அம்மாவே, "உனக்கு வாய்க்கிறவன் வாயில்லாப் பூச்சியாத்தான் இருக்கோணும்" என்பாள். அந்தக் கோபத்தோடுதான் பத்துப் பன்னிரண்டு மலைப் பெண்களுக்கு நான் காப்பாளர் ஆனேன்.

விடுதி மெஸ் என்றால் சும்மா சோறு பொங்கிப் போடுவது இல்லை. ஒவ்வொரு வேளையும் எத்தனை பேர் தட்டெடுத்தார்கள் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதன்படிதான் அரிசியும் பருப்பும் அளந்து எடுக்க வேண்டும். பண்டிகைக்கு மெஸ்ஸை மூடுவதாக இருந்தால், எந்த நாள் எந்த வேளையோடு மூடுகிறது, எந்த நாள் எந்த வேளையோடு திறக்கிறது என்று காப்பாளர் அறிவிப்பு எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்து வாங்கி, பலகையில் ஒட்டி, சாப்பாட்டு நேரத்தில் வாசித்தும் காட்ட வேண்டும். தட்டுக் கணக்கு தப்பினால் மேலே இருந்து கேள்வி வரும்.

அந்த வருடம் தீபாவளிக்கு மூடித் திறந்தபோது எனக்கு வந்தது அந்தக் கேள்விதான். திறக்கிற நாளில் வந்தது நாலே நாலு பிள்ளைகள். மற்றவர்கள் ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருத்தியாக, தலையில் சாமைப் பொட்டலத்தோடு சாவகாசமாக வந்து சேர்ந்தார்கள். நடுவில் பார்வையிட ஒரு அதிகாரி வந்துவிட்டார். காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளே இல்லாத விடுதிக்குக் காப்பாளர் எதுக்கம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் எரிந்து போனேன். கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளையை நிற்க வைத்து, அவருக்குச் சொல்ல முடியாததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

"இன்னொரு தரம் ஒரு வேளை தப்பி வந்தாலும் உம் பேரை அடிச்சிருவேன். அப்புறம் ஊட்டுலயே கெடந்து மாடு மேய்."

"இனிமே வந்துர்றனுங்க டீச்சர்" என்றாள் அவள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் திண்ணனூர் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு ஒதுங்கிய ஊர். அங்கிருந்து விடுதிக்கு மூன்று மணி நேர நடை. அந்த ஊரிலிருந்து படிக்க வந்த ஒரே பெண் அவள்தான். பதின்மூன்று வயதுக்கு மெலிந்த உடம்பு, ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தால் பையன்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். எட்டாம் வகுப்பு. மார்ச்சில் அரசாங்கப் பரீட்சை. அதில் தேறிவிட்டால் கீழே ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று நானே அவள் அப்பனிடம் சொல்லியிருந்தேன். அவர், "பரிச்சை வரைக்கும் இருக்கட்டுங்க. நடுவுல ஏதாச்சும் தடங்கல் வந்துச்சுன்னா கட்டிக் குடுத்துருவனுங்க" என்றார். முறைமாப்பிள்ளை ஒருவன் தயாராக இருந்தான். அதாவது, விடுதியில் அவளுக்கு இருந்த அந்த ஒரு தட்டும் ஒரு பாயும் போனால் எல்லாம் போயிற்று. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பொங்கல் வந்தது. நான் அறிவிப்பு எழுதினேன்.

"பொங்கல் பண்டிகையை முன்னிட்டு மாணவியர் விடுதி உணவுக்கூடம் சனிக்கிழமை பகல் உணவுடன் மூடப்படும். மீண்டும் வியாழக்கிழமை இரவு உணவுடன் திறக்கப்படும். அனைவரும் சனிக்கிழமை மாலைக்குள் விடுதியைக் காலி செய்து வீடு செல்ல வேண்டும்."

இவ்வளவுதான் வழக்கமாக எழுதுவது. நான் இன்னொரு வரி சேர்த்தேன். "வியாழக்கிழமை இரவு உணவுக்கு வந்து சேராதவர்களின் பெயர் நீக்கப்படும்." அப்படி நீக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பெயரை நீக்குவது தலைமை ஆசிரியர் வேலை, அதுவும் பல நாள் வராமல் இருந்தால்தான். தலைமை ஆசிரியர் படித்துப் பார்த்து, "ஒரேயடியாப் போடறீங்களே" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "பயந்தாத்தான் சார் வருவாளுக" என்றேன். அந்தத் திமிர் இப்போதும் என் காதில் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது வாசித்தேன். மற்ற பிள்ளைகள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவள் மட்டும் கை கழுவிய பின் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எங்கூர்ல மாட்டுப் பொங்கலன்னைக்கு நோம்பிக்குக் காப்புக் கட்டுவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தான் அவுப்பாங்க."

"அதுக்கு?"

"காப்புக் கட்டிட்டா எல்லை தாண்டி ராத் தங்கப்படாதுங்க."

நோம்பி என்றால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழா. இந்த வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் இருப்பவர் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. தெரியாத சங்கதி அல்ல. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. தீபாவளிக்கு ஒரு சாக்கு, பொங்கலுக்கு ஒரு சாக்கு என்றுதான் விழுந்தது.

"ஒவ்வொரு ஊர் நோம்பிக்கும் நான் மெஸ்ஸு மூடித் தொறக்க முடியுமா? படிக்கணுமா, நோம்பி பாக்கணுமான்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். அவள் இரண்டாம் முறை கேட்டிருந்தால் நான் இளகியிருப்பேனா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். மலைப் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். ஒரு முறை கேட்பதே அவர்களுக்குப் பெரிய காரியம்.

சனிக்கிழமை எல்லோரும் கிளம்பினார்கள். சமையல்கார அம்மாவும் கீழ்நாட்டுக்காரர், அவரும் இறங்கிவிட்டார். நான் சாமான் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொங்கல் நன்றாகவே போயிற்று. கரும்பு தின்றேன், தம்பியோடு சண்டை போட்டேன்.

புதன்கிழமை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு வந்தேன், மறுநாள் மலை ஏறுவதற்காக. விடுதிக்கு அரிசி அங்கே ஒரு கடைக்காரர் மூலமாகத்தான் வரும். மூட்டைகளைக் கழுதை மேலும் ஆட்கள் தலைமேலும் ஏற்றி மலைக்கு அனுப்புவார். போய்க் கேட்டால் மூட்டை எல்லாம் கடையிலேயே கிடக்கிறது.

"சொமக்கற ஆளுக நோம்பி கழிச்சுத்தான் வருவாங்க டீச்சரம்மா. சந்தை முடியட்டும். ஞாயித்துக்கெழம ஏத்தி உட்டர்றேன்."

"வியாழக்கிழமை ராத்திரி சோறு போடணுமே. மேலே ஒரு படி அரிசிகூட இல்லையே."

"அதுக்கு நான் என்ன பண்றதுங்க? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

அவர் சொன்னது சரிதான். அரிசி இல்லாமல் பிள்ளைகளை வரவழைத்து என்ன செய்வது? அவர் கடையிலேயே ஒரு தாள் வாங்கி இரண்டாவது அறிவிப்பை எழுதினேன். "உணவுக்கூடம் வியாழக்கிழமை திறக்கப்படமாட்டாது. திங்கட்கிழமை பகல் உணவுடன் திறக்கப்படும்." செம்மேட்டுக்கு ஏறப்போகும் ஒருவரிடம் அதைக் கொடுத்து, விடுதிக் காவல்காரரிடம் சேர்த்துக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், சேர்த்துவிட்டார். காவல்காரரும் நல்ல மனிதர். சோற்றுப் பருக்கை தேய்த்து அழகாக ஒட்டிவிட்டுத் தன் ஊர் நோம்பிக்குப் போய்விட்டார்.

நான் திரும்ப வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்ததில் சந்தோஷம்தான்.

யாருக்காக எழுதினேன் அந்த இரண்டாவது காகிதத்தை? பிள்ளைகள் எல்லாம் ஊர்களில் இருக்கிறார்கள். விடுதியில் ஆள் இல்லை. ஆள் இல்லாத கட்டடத்தின் கதவில் ஒட்டினால், அதைப் படிக்க ஒருத்தி அங்கே வந்து நிற்க வேண்டும். வந்து நின்றால் அவள் வந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. அடிவாரத்துக்குச் சாமான் வாங்க இறங்கியிருந்த திண்ணனூர் நாட்டு ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் வாயால் சொல்லியிருந்தால் போதும். நான் படித்தவள். காகிதத்தில் எழுதி ஒட்டினால்தான் சொன்னதாக அர்த்தம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டைகளோடு ஏறினேன். செம்மேடு சேரும்போது உச்சி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. விடுதிப் பக்கம் போனதும் முதலில் கண்ணில் பட்டது தோட்டம். நாலைந்து மரவள்ளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தது. பன்றி வேலை அல்ல. மண்ணைத் திரும்ப மூடி வைத்திருந்தது.

விறகுக் கொட்டகையில் ஏதோ அசைந்தது. கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "யாரைக் கேட்டுடி கெழங்கு புடுங்கினே?" என்று கேட்டேன். அதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது.

"நாலுதானுங்க டீச்சர் எடுத்தேன்" என்றாள். உதடு வெடித்திருந்தது. "வியாழக்கெழமையே வந்துட்டனுங்க. இருட்டறதுக்குள்ள வந்துட்டேன். பேரை அடிச்சிராதீங்க."

எனக்கு அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். காகிதம் நனைந்து காய்ந்து சுருண்டு, ஆனால் படிக்கும்படியாகத்தான் இருந்தது.

அவளை உள்ளே அழைத்துப் போய்க் கஞ்சி வைத்தேன். முதல் வாய் தங்கவில்லை, வாந்தி எடுத்தாள். பச்சைக் கிழங்கைத் தின்று மூன்று நாளாக வயிறு போயிருந்தது. நெருப்புப் பெட்டி இல்லாததால் சுட்டுத் தின்னவும் வழியில்லை. தை மாதத்து மலைக்குளிர் எலும்புக்குள் இறங்கும். மூன்று ராத்திரி அந்தச் சாக்கில் படுத்திருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள்.

மாட்டுப் பொங்கலன்று காப்புக் கட்டியாயிற்று. வியாழக்கிழமை மதியம் அம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, விறகுக்குப் போவது போல எல்லை தாண்டி வந்துவிட்டாள். வந்து பார்த்தால் பூட்டு. காகிதத்தைப் படித்தாள். உடனே திரும்பி ஓடினாலும் போய்ச் சேருமுன் இருட்டிவிடும். பாதி வழியில் காட்டெருமைத் தடம். ஒரு ராத்திரி வெளியே கழிந்துவிட்டது என்றால் காப்பு அவிழ்க்கும் வரை ஊருக்குள் கால் வைக்கவும் முடியாது.

"செம்மேட்டுல எந்த ஊட்டுலயாவது போய்ச் சொல்லக் கூடாதா கண்ணு?"

"எந்த ஊருன்னு கேப்பாங்கல்லீங்க. எங்கூர்ல நோம்பி நடக்குதுன்னு எல்லாருக்குந் தெரியும்."

நான் அறிவிப்பில் இரவு உணவு என்று எழுதாமல் பகல் உணவு என்று எழுதியிருந்தால்? காலையில் கிளம்பி மதியம் வந்திருப்பாள். கதவைப் படித்திருப்பாள். திரும்ப நடந்து, விளக்கு வைக்குமுன் வீட்டில் இருந்திருப்பாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு வேளைச் சோற்றை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி எழுதினேன்.

திங்கட்கிழமை பகல் மெஸ் திறந்தது. அன்று ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் வியாழக்கிழமை வரவே நினைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். என் அறிவிப்பை மதித்தவள் அவள் ஒருத்திதான்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது வாசலில் அவள் அப்பன் வந்து நின்றார். தோளில் கம்பளி, கண் சிவந்திருந்தது. நான் ஓடினேன்.

"உள்ளே வாங்க. தப்பு என் மேலதாங்க, நான் எழுதின..."

"புள்ள சாப்பிடட்டுங்க" என்றார். "சாப்பிட்டதும் கூட்டிட்டுப் போறனுங்க."

அவர் உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. நின்றபடியே சொன்னார். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கிடாய் வெட்ட நின்றார்கள். தண்ணீர் தெளித்தால் கிடாய் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அப்புறம்தான் வெட்டலாம். அன்று கிடாய் சிலிர்க்கவில்லை. மூன்று தரம் தெளித்தார்கள், குடம் குடமாக ஊற்றினார்கள். கல் மாதிரி நின்றது. ஊரில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று வீடு வீடாகத் தலை எண்ணினார்கள். இவர் வீட்டில் ஒரு தலை குறைந்தது. நோம்பி நின்றுபோயிற்று.

"தாண்டுனவளத் தேடி நீயும் தாண்டாதேன்னுட்டாங்க. இவ அம்மா மூணு நாளா வாய்ல பச்சத் தண்ணி ஊத்தலீங்க."

உள்ளே அவள் அப்பனைப் பார்த்துவிட்டாள். அவள் கை நிற்கவில்லை. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி அடுக்கில் கவிழ்த்தாள், பாயைச் சுருட்டி வைத்தாள், புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவள் கையைப் பிடித்து, "ரெண்டு நாள்ல வந்துரலாம் கண்ணு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு சமையல்கார அம்மா, "பாவி மக்கா" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் அந்த ஊருக்குப் போனேன். காவல்காரர் வழிகாட்டினார். மொத்தம் பதினைந்து கூரை இருக்கும். ஊற்றுக்குப் போகும் பாதையில் அவர்கள் வீட்டுப் பக்கம் முள் வெட்டிப் போட்டிருந்தது. அவர்களுக்கு ஊர் ஊற்றில் தண்ணீர் கிடையாது, அடுப்புக்கு யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், காட்டு வேலைக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். கைமாற்று ஆள் இல்லாமல் அந்த மலையில் ஒரு குடும்பம் ஒரு வெள்ளாமையும் எடுக்க முடியாது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் என்னைப் பெரிய மரியாதையோடு உட்கார வைத்தார். தேன் கொடுத்தார். நான் இரண்டு அறிவிப்புகளையும் எடுத்து விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நான் மிரட்டினேன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை, தண்டனை ஏதும் இருந்தால் எனக்குக் கொடுங்கள் என்றேன். அழுதும்விட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புள்ள மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க டீச்சரம்மா. நல்ல புள்ள. நீங்களும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா தாண்டினது தாண்டினதுதானுங்களே."

"இந்த ஒரு தரம் மாத்திக்க முடியாதுங்களா?"

"ஏனுங்க, உங்க காயிதத்த நீங்க மாத்தி எழுதிக் கதவுல ஒட்டிட்டீங்க. நாங்க சாமிகிட்டச் சொன்னத மாத்தி எந்தக் கதவுல ஒட்டறது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

குற்றம் கழிக்க வழி வைத்திருந்தார்கள். அப்பன் ஒரு கிடாய் கொடுத்து ஊருக்குச் சோறு போட வேண்டும். கல்யாணம் கட்டிக் கொடுக்கும் வரை அவள் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரியும் தங்கக் கூடாது. அப்பன் ஒத்துக்கொண்டுவிட்டார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அவளுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். மறுவாரம் முள்ளை எடுத்துவிடுவார்கள். "கொடுமை ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் ஊர்க்கவுண்டர். அவர்கள் கணக்கில் அது உண்மைதான். தினமும் மூன்று மணி நேரம் வந்து மூன்று மணி நேரம் திரும்ப யாரால் முடியும்? பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது.

திரும்பும்போது வேலி ஓரம் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் கடைசித் தம்பி. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், அதுதான் தாங்கவில்லை.

"மன்னிச்சுக்க சாமி" என்றேன். ஒரு பிள்ளையிடம் நான் அந்த வார்த்தை சொன்னது அதுதான் முதல் தரம்.

அவள் தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், எம் பேரை அடிக்கறப்ப காரணம் எழுதுவீங்களா?"

"எழுதணும் கண்ணு."

"நேரத்துக்கு வரலேன்னு எழுதிராதீங்க. நான் வந்துட்டனுங்க."

"எழுத மாட்டேன்" என்றேன்.

அவள் பெயரை மாசி கடைசி வரை வைத்திருந்தேன். வேளைக்கு வேளை வரவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தேன். தலைமை ஆசிரியர் இரண்டு தரம் பொறுத்தார், மூன்றாம் தரம், "இடம் காலியா இருந்தா வேற பிள்ளைக்குப் போகும்ல" என்று பதிவேட்டை என் முன்னால் வைத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். காரணம் எழுதும் கட்டத்தில், "காப்பாளர் அறிவித்த நாளில் வந்தும் விடுதி திறக்கப்படாததால்" என்று எழுதினேன். கட்டம் சின்னது, எழுத்து வெளியே வழிந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா ஆபீஸ்லேருந்து உங்க மேல விசாரணை வரும். வேலை போகலாம். உங்க வீட்டுல உங்க சம்பளத்தை நம்பித்தானே இருக்காங்க?" என்றார். அதட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். மறுநாள் வரை யோசிக்கச் சொன்னார்.

மறுநாள் வரை வேண்டியிருக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டு அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாக எழுதினேன். அவள் பெயருக்கு நேரே, "குறித்த நாளில் திரும்பாமை" என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எல்லோரும் சொல்வார்கள்.